வாலண்டியர் ஷீட்ல காலி இடம் தெரியணும்: ஒரு புத்தகப் பரிமாற்ற நாளோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு குடியிருப்புப் பகுதியில நடந்த ஒரு நாள் புத்தகப் பரிமாற்ற நிகழ்ச்சி இது. வீட்ல படிச்சு முடிச்ச புத்தகத்தைக் கொண்டு வந்து குடுத்துட்டு வேற புத்தகம் எடுத்துட்டுப் போகலாம், கூடவே குழந்தைங்களுக்குக் கதை சொல்ற மூலை ஒண்ணு. காலையில 9 மணியில இருந்து சாயங்காலம் 4:30 வரைக்கும் நிகழ்ச்சி, அதுக்கு முன்னாடி மேஜை நாற்காலி போடுற வேலை, முடிஞ்சதும் எல்லாத்தையும் எடுத்து வைக்கிற வேலை. சம்பளத்துக்கு யாரும் கிடையாது, எல்லாமே வாலண்டியர்ஸ்தான். ஏற்பாட்டுக் குழுவுல கோஆர்டினேட்டர்ஸ் 4 பேர், அதுல நானும் ஒரு ஆள்.

நிகழ்ச்சிக்கு 3 வாரம் இருக்கும்போது கூகுள் ஷீட்ஸ்ல ஒரு ஷீட் இருந்துச்சு. 4 பேரும் அவங்கவங்களுக்குத் தெரிஞ்சவங்க கிட்ட கேட்டு அதுல பேர் சேர்த்துட்டு வந்தாங்க. பேர், ஃபோன் நம்பர், எதுல உதவி பண்ணுவாங்க, எப்ப வருவாங்க, இந்த 4 நெடுவரிசை, அதாவது காலம்தான். அன்னிக்கு அதுல 41 பேர் இருந்துச்சு. மீட்டிங்ல எல்லாருமே நிம்மதியா இருந்தாங்க, 41 பேர் வராங்க, இனிமே ஆள் தேட வேண்டாம், பேனர் வேலையைப் பாக்கலாம்னு பேச்சு போச்சு.

அப்ப ஒரு கோஆர்டினேட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "மதியம் 1 மணிக்கு வண்டி நிறுத்துற இடத்துல யாரு நிக்கிறாங்க?" அதுக்கு அந்த ஷீட்டைப் பாத்து யாராலயும் பதில் சொல்ல முடியல. ஒருத்தர் 41 வரியையும் மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சுப் பாத்தும் "இவரு மதியத்துக்கு மேலன்னு போட்டிருக்காரு, ஆனா வண்டி நிறுத்தமா இல்லையான்னு தெரியல"ன்னுதான் சொல்ல முடிஞ்சுது. அங்க இருந்துதான் ஷீட்டை மாத்துற வேலை ஆரம்பிச்சுது.

பழைய ஷீட்ல என்ன பாத்தோம்

முதல்ல தெரிஞ்சது இதுதான். அந்த ஷீட்ல ஒரு வரின்னா ஒரு ஆள். அப்படி இருக்கும்போது வராத ஆளுக்கு வரியே இருக்காது, அதனால எவ்வளவு ஓட்டை இருந்தாலும் ஷீட் பாக்க நிறைஞ்ச மாதிரியேதான் இருக்கும். 10 பேர் போட்டாலும் அது நிறைஞ்ச லிஸ்ட்தான், 100 பேர் போட்டாலும் நிறைஞ்ச லிஸ்ட்தான். எத்தனை பேர் வேணும்ங்கிறது எந்த செல்லுலயும் எழுதப்படல, அதுதான் மூலப் பிரச்சனை.

அடுத்தது, "எப்ப வருவாங்க"ங்கிற காலத்துல அவங்கவங்க இஷ்டத்துக்கு எழுதியிருந்தாங்க. "காலைல", "மதியத்துக்கு மேல", "2 மணி நேரம் முடியும்", "சொன்னா வரேன்". இதை ஃபில்டர் பண்ணவும் முடியாது, கூட்டிப் பாக்கவும் முடியாது. காலைலன்னா 7 மணி அமைப்பு வேலைக்கா இல்ல 9 மணிக்கு மேலயான்னு திரும்ப ஃபோன் போட்டுத்தான் கேக்கணும்.

மூணாவது, ஃபோன் நம்பர் வச்சு வரிசைப்படுத்தினப்ப 3 பேர் ரெண்டு தடவை இருந்தாங்க. ஒரே ஆளை ரெண்டு கோஆர்டினேட்டர் தனித்தனியா கேட்டிருக்காங்க, ஒருத்தர் இனிஷியல் முன்னாடி போட்டு எழுதியிருக்காங்க, இன்னொருத்தர் கூப்பிடுற பேரை மட்டும் எழுதியிருக்காங்க, அதனால பேரைப் பாத்தா ரெண்டு பேர் மாதிரி இருந்துச்சு. ஆக 41 இல்ல, 38 பேர்தான். அதுலயும் 4 பேர் "எதுன்னாலும் பரவால்ல"ன்னு சொன்னவங்க, அவங்களுக்கு வேலையும் இல்ல நேரமும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும், ஒரே கோஆர்டினேட்டர் சேர்த்தவங்களை எல்லாம் சேர்த்துக் காட்டறதுக்காக செல்லுங்களை மெர்ஜ் பண்ணி வச்சிருந்தாங்க. பாக்க அழகா இருக்கும், ஆனா மெர்ஜ் பண்ண செல் நடுவுல இருந்தா ஒழுங்கா சார்ட் பண்ண முடியாது, ஃபில்டர் போட்டாலும் முதல் வரி மட்டும்தான் வரும். புது ஷீட்ல மெர்ஜே கிடையாதுன்னு அப்பவே முடிவு பண்ணோம்.

முதல் முடிவு: ஒரு வரி, ஒரு இடம்

ஆட்களை மறந்துட்டு வேலையில இருந்து ஆரம்பிச்சோம். எந்த வேலை, எந்த ஷிப்ட், எத்தனை பேர் வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதினோம். ஒரு ஷிப்ட்டை இரண்டரை மணி நேரம்னு வச்சோம், ஏன்னா அதுக்கு மேல ஒரே இடத்துல நிக்கிறவங்க சோர்ந்து போறாங்க, அதைவிடக் குறைச்சா ஆள் எண்ணிக்கை ரொம்ப ஏறிடும், மாத்தி விடுற குழப்பமும் ஜாஸ்தி. அதனால காலை 9:00–11:30, மதியம் 11:30–2:00, மாலை 2:00–4:30. இதுக்கு முன்னாடி 7:00–9:00 அமைப்பு, பின்னாடி 4:30–6:00 எடுத்து வைக்கிறது.

எண்ணிக்கை போடும்போது ஒவ்வொரு வேலைக்கும் காரணம் கேட்டுத்தான் போட்டோம். குழந்தைகள் மூலைக்கு ஒவ்வொரு ஷிப்ட்லயும் 3 பேர், ஏன்னா ஒருத்தர் எதுக்காவது வெளிய போனாலும் குழந்தைங்க கூட ரெண்டு பெரியவங்க இருக்கணும், எந்த நேரத்துலயும் ஒரே ஒருத்தர்னு ஆகக்கூடாது. வரவேற்புக்கு 2, வண்டி நிறுத்தத்துக்கு 2, முதலுதவிக்குப் பயிற்சி எடுத்தவங்க ஒருத்தர். புத்தகம் வாங்கிப் பிரிக்கிறதுக்குக் காலையும் மதியமும் 4 பேர், மாலையில 2 பேர் போதும். புத்தக மேஜைக்குக் காலை 3, மதியம் 4, மாலை 3. அமைப்புக்கு 8, எடுத்து வைக்கிறதுக்கு 8. கூட்டினா 60 வந்துச்சு.

அந்த 60ஐயும் பேர் இல்லாமலேயே 60 வரியா ஷீட்ல போட்டோம். குழந்தைகள் மூலை, மாலை, 1ஆம் இடம். குழந்தைகள் மூலை, மாலை, 2ஆம் இடம். இப்படி. "வேண்டியது 3, கிடைச்சது 1"ன்னு ஒரே வரியில நம்பர் போடலாமேன்னு ஒருத்தர் கேட்டாங்க, அதுவும் நியாயமான யோசனைதான். ஆனா அப்ப பேரெல்லாம் ஒரே செல்லுக்குள்ள கமா போட்டுப் போகும், யாரு உறுதி பண்ணாங்க யாரு பண்ணலன்னு பிரிக்க முடியாது, ஃபோன் நம்பரும் அதே மாதிரி ஒரே செல்லுக்குள்ள குவியும். ஒரு வரி ஒரு இடம்னு வச்சா இன்னொரு நன்மையும் இருக்கு, 2 பேர் வேண்டிய இடத்துல மூணாவது ஆளைப் போடறதுக்கு வரியே இருக்காது.

காலங்களை இந்த வரிசையில வச்சோம்: A பணி, B ஷிப்ட், C ஆரம்பம், D முடிவு, E இட எண், F நிலை, G ஆள் எண், H பேர், I ஃபோன், J உறுதி செக்பாக்ஸ், K கேக்கறவங்க. ஷிப்ட் பேரும் இருக்கு, நேரமும் தனியா இருக்கு, இது தேவையில்லாத மாதிரி தோணும். ஆனா மனுஷங்க படிக்கிறதுக்கு ஷிப்ட் பேர் வேணும், ஷீட் கணக்குப் போடறதுக்கு ஆரம்பமும் முடிவும் தனித்தனி செல்லுல உண்மையான நேரமா இருக்கணும். "9–11:30"ன்னு ஒரே செல்லுல போட்டா அது வெறும் எழுத்து, அதை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது.

காலியை எப்படிக் காட்டினோம்

நிலைங்கிற காலத்தை யாரும் கையால எழுதக்கூடாதுன்னு வச்சோம், ஃபார்முலாதான் எழுதும்.

```
=IF(LEN(TRIM(G2))=0,"காலி",IF(J2=TRUE,"உறுதி","கேட்டாச்சு"))
```

G2 வெறுமையான்னு நேரடியா கேக்காம `LEN(TRIM())` போட்டதுக்குக் காரணம் இருக்கு. எண்ணை அழிக்கிறப்ப சில பேர் ஸ்பேஸ் பார் தட்டி அழிப்பாங்க, அப்ப செல்லுக்குள்ள ஒரு ஸ்பேஸ் உக்காந்திருக்கும், கண்ணுக்கு வெறுமையா தெரியும், ஆனா ஷீட்டைப் பொறுத்தவரைக்கும் அது வெறுமை இல்ல. அந்த இடம் காலின்னு வராமலே போயிடும். இந்த மாதிரி ஒளிஞ்சிருக்கிற காலி இடம்தான் ரொம்ப ஆபத்து, அன்னிக்கு வந்து நிக்கும்போதுதான் தெரிய வரும்.

கலர் விஷயத்துல கொஞ்சம் விவாதம் நடந்துச்சு. நிறைஞ்ச இடத்துக்குப் பச்சை, காலிக்கு சிவப்பு, கேட்டதுக்கு மஞ்சள்னு போடலாம்னு ஒரு யோசனை. நான் அதை ஒத்துக்கல. 60 வரியில முக்கால்வாசி பச்சையா இருந்தா கண்ணு எங்க பாக்கணும்னு தெரியாது, ஷீட் முழுக்க கலரா இருக்கும்போது சிவப்பும் அதுல ஒண்ணாயிடும். கடைசியில உறுதியான வரிக்குக் கலரே இல்ல, கேட்டு பதில் வராததுக்கு லேசான மஞ்சள், காலிக்கு மட்டும் வரி முழுக்க அழுத்தமான ஆரஞ்சு. வேலை பாக்கி இருக்கிற இடத்துல மட்டும்தான் கலர். நாள் போகப் போக ஷீட் வெள்ளையாகிட்டே வரணும், அதுதான் கணக்கு. `Conditional formatting`ல `Custom formula is`ங்கிற இடத்துல A2:K61க்கு இதைப் போட்டா வரி முழுக்க கலராகும், F முன்னாடி டாலர் குறி முக்கியம், அது இல்லன்னா ஒரு செல்தான் மாறும்:

```
=$F2="காலி"
```

கலர் மட்டும் போதாது, "காலி"ங்கிற சொல்லும் செல்லுல இருக்கணும்னு வச்சோம். அன்னிக்குக் கையில வச்சிருக்கப் போறது கறுப்பு வெள்ளை பிரிண்ட், அதுல ஆரஞ்சும் மஞ்சளும் சாம்பல் நிறமாத்தான் வரும். சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க சிரமப்படுறவங்களும் எந்தக் குழுவுலயும் இருப்பாங்க.

இதுக்கு மேல சுருக்கமா ஒரு தனிப் பக்கம், இடது பக்கம் பணி, மேல ஷிப்ட், நடுவுல எத்தனை காலின்னு நம்பர். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. எடுத்து வைக்கிற வேலைக்குக் காலை ஷிப்ட்ல ஆளே தேவையில்ல, வரவேற்புக்குக் காலையில எல்லா இடமும் நிறைஞ்சிடுச்சு, ரெண்டுக்கும் 0ன்னு வந்தா வித்தியாசம் தெரியாது. அதனால தேவையே இல்லாத இடத்துல கோடு வர மாதிரி எழுதினோம்:

```
=IF(COUNTIFS('இடங்கள்'!$A:$A,$A2,'இடங்கள்'!$B:$B,B$1)=0,"–",
 COUNTIFS('இடங்கள்'!$A:$A,$A2,'இடங்கள்'!$B:$B,B$1,'இடங்கள்'!$F:$F,"காலி"))
```

பேரை மாத்திப் போட்டதும் என்ன தெரிஞ்சுது

பழைய லிஸ்ட்ல இருந்த 38 பேருக்கும் ஆளுக்கு ஒரு எண் குடுத்து, "ஆட்கள்"னு ஒரு தனிப் பக்கத்துல பேரும் ஃபோனும் போட்டோம். இடங்கள் பக்கத்துல G காலத்துல எண்ணை மட்டும் போட்டா பேரும் ஃபோனும் தானா வந்துடும். அந்தக் காலத்துல ஆட்கள் பக்கத்துல இருக்கிற எண்ணைத் தவிர வேற எதையும் ஏத்துக்காத மாதிரி கட்டுப்பாடும் வச்சோம். கீழ இருக்கிறது பேருக்கு, ஃபோனுக்கு 2க்குப் பதிலா 3.

```
=IF(LEN(TRIM(G2))=0,"",VLOOKUP(G2,'ஆட்கள்'!A:C,2,FALSE))
```

"எதுன்னாலும்"னு சொன்ன 4 பேரை விட்டுட்டு மீதி 34 பேரைப் போட்டோம். அதுல 5 பேர் ரெண்டு ஷிப்ட் ஒத்துக்கிட்டவங்க, ஆக 39 இடம் வேணும். ஆனா வரவேற்பு காலை ஷிப்ட்டுக்கு 2 இடத்துக்கு 5 பேர், புத்தக மேஜை காலை ஷிப்ட்டுக்கு 3 இடத்துக்கு 6 பேர். 6 பேருக்கு உக்கார இடம் இல்ல. 33 இடம் நிறைஞ்சுது, 27 காலி. சுருக்கப் பக்கம் இப்படி இருந்துச்சு:

| பணி | அமைப்பு | காலை | மதியம் | மாலை | முடிவு |
|---|---|---|---|---|---|
| மேஜை நாற்காலி போடுறது | 3 | – | – | – | – |
| வரவேற்பு | – | 0 | 0 | 2 | – |
| புத்தகம் பிரிக்கிறது | – | 0 | 3 | 2 | – |
| புத்தக மேஜை | – | 0 | 1 | 1 | – |
| குழந்தைகள் மூலை | – | 0 | 1 | 2 | – |
| வண்டி நிறுத்தம் | – | 0 | 2 | 2 | – |
| முதலுதவி | – | 0 | 1 | 0 | – |
| எடுத்து வைக்கிறது | – | – | – | – | 7 |

காலை காலத்தைப் பாருங்க, முழுசா 0. எல்லாருக்கும் காலையிலதான் வர ஆசை, யாரைக் கேட்டாலும் காலைன்னுதான் சொல்லியிருக்காங்க, அதனாலதான் ஆள் நிறைய இருக்கிற மாதிரி ஒரு தோற்றம். உண்மையில 11:30க்கு அப்புறம் 24 இடம் காலி, மதியம் முதலுதவிக்கு ஆளே இல்ல, எடுத்து வைக்க 8 பேர் வேண்டிய இடத்துல ஒரே ஒருத்தர். முன்னாடி கேட்ட வண்டி நிறுத்தம் கேள்விக்கும் பதில் கிடைச்சுது, மதியம் 1 மணிக்கு அங்க யாருமே இல்ல.

ஒருத்தரை ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல போட்டிருக்கோமான்னு பாக்கறதுக்கும் ஒரு விதி வச்சிருந்தோம், மாட்டினா G செல்லோட எழுத்து சிவப்பாகும்:

```
=AND(LEN(TRIM($G2))>0,
 SUMPRODUCT(($G$2:$G$61=$G2)*($C$2:$C$61<$D2)*($D$2:$D$61>$C2))>1)
```

அர்த்தம் என்னன்னா, இதே ஆள் எண் இருக்கிற வேற வரி ஏதாவது இந்த வரியோட நேரத்துக்குள்ள குறுக்க வருதான்னு பாக்குது. 11:30க்கு முடிஞ்சு 11:30க்கே அடுத்த ஷிப்ட் ஆரம்பிச்சா அதை மோதல்னு எடுத்துக்காது, அது வேணும்னேதான், ரெண்டு ஷிப்ட் தொடர்ந்து செய்யறவங்க இருக்காங்க. இதுல ஒருத்தர் மாட்டினாங்க, காலையில முதலுதவியிலயும் குழந்தைகள் மூலையிலயும் ஒரே நேரத்துல இருந்தாங்க. ரெண்டு கோஆர்டினேட்டர் தனித்தனியா கேட்டதோட விளைவு அது. பழைய ஷீட்ல இருந்திருந்தா அன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சிருக்கும்.

ஃபோன் நம்பர் காலம்

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா நிறைய இடத்துல இதுலதான் சறுக்குது. ஃபோன் காலத்தை முதல்லயே `Plain text`னு மாத்திட்டுத்தான் நம்பர் போடணும், இல்லன்னா ஷீட் அதை எண்ணா எடுத்துக்கிட்டு முன்னாடி இருக்கிற 0ஐ முழுங்கிடும், அவசரத்துல கூப்பிடும்போது நம்பர் தப்பா இருக்கும்.

பெரிய கேள்வி, நம்பரை யாரு பாக்கலாம்ங்கிறது. பழைய ஷீட் லிங்க் வாலண்டியர் குரூப்ல இருந்துச்சு, குரூப்ல இருக்கிற எல்லாருக்கும் 41 வரியோட நம்பரும் திறந்து கிடந்துச்சு. நிகழ்ச்சிக்கு உதவி பண்றேன்னு நம்பர் குடுத்தவங்க அதை எல்லாருக்கும் காட்டச் சொல்லிக் குடுக்கல. பக்கத்தை மட்டும் மறைச்சு வைக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, அது பாதுகாப்பு இல்ல, எடிட் பண்ண முடிஞ்சவங்க மறைச்சதைத் திறந்துடலாம், காப்பி எடுத்தா மறைச்ச பக்கமும் சேர்ந்தே போகும். அதனால முழு ஷீட் 4 கோஆர்டினேட்டருக்கு மட்டும். வாலண்டியர்களுக்கு வேற ஒரு தனி ஷீட், அதுல A முதல் F வரைக்கும் மட்டும்தான் வரும், பணி, ஷிப்ட், நேரம், இட எண், நிலை அவ்வளவுதான்.

```
=IMPORTRANGE("மூல ஷீட்டின் முகவரி","'இடங்கள்'!A1:F61")
```

இந்த ரெண்டாவது ஷீட்டையும் எல்லாருக்கும் பாக்க மட்டும்தான் குடுக்கணும். அதுல எடிட் பண்ற அனுமதி இருந்தா ஃபார்முலாவுல எல்லையை மாத்தி மூல ஷீட்ல இருந்து மத்த காலத்தையும் இழுத்துடலாம், ஏன்னா ரெண்டு ஷீட்டுக்கும் நடுவுல இணைப்பு ஏற்கனவே அனுமதிக்கப்பட்டிருக்கு.

K காலம், "கேக்கறவங்க". ஒவ்வொரு வரிக்கும் 4 கோஆர்டினேட்டர்ல யாரு பொறுப்புன்னு ஒரு பேர். காலி வரிக்குத்தான் இது ரொம்ப முக்கியம், காலியா இருக்குன்னு நாலு பேரும் பாத்துட்டு இன்னொருத்தர் கேப்பாங்கன்னு நாலு பேரும் விட்டுடறதுதான் வழக்கமா நடக்கிறது.

27 எப்படிக் குறைஞ்சுது

முதல்ல மோதலைத் தீத்தோம், மாட்டினவங்க முதலுதவிக்கு மட்டும், குழந்தைகள் மூலைக்குக் காலையில உபரியா இருந்த 6 பேர்ல ஒருத்தர் வந்தாங்க. மீதி 5 பேர் கிட்ட ஷிப்ட் மாத்திக்க முடியுமான்னு கேட்டோம், 3 பேர் சரின்னாங்க, ரெண்டு பேர் வரவேற்பு மாலைக்கும் ஒருத்தர் புத்தக மேஜை மதியத்துக்கும் போனாங்க. காலை மட்டும்தான் முடியும்னு சொன்ன 2 பேரை நீக்கல, ஆட்கள் பக்கத்துல "கையிருப்பு"ன்னு குறிச்சு வச்சோம். "எதுன்னாலும்"னு சொன்ன 4 பேர்ல ரெண்டு பேர் வண்டி நிறுத்தம் மதியம், ரெண்டு பேர் எடுத்து வைக்கிறது. காலி 20 ஆச்சு.

அதுக்கப்புறம் குரூப்ல கேட்ட விதமே மாறிச்சு. முன்னாடி "இன்னும் ஆள் தேவை, முடிஞ்சவங்க சொல்லுங்க"ன்னு போடுவோம், அதுக்கு யாருமே பதில் போட மாட்டாங்க. இப்ப ஷீட்ல காலி வரியை மட்டும் எடுத்து அப்படியே போட்டோம், "வண்டி நிறுத்தம், மாலை 2:00–4:30, 2 பேர்", "மேஜை நாற்காலி போடுறது, 7:00–9:00, 3 பேர்". நேரமும் வேலையும் தெளிவா இருந்ததும், நான் வரேன்னு சொல்றவங்க வந்தாங்க. ஒரு வாரத்துல 13 இடம் நிறைஞ்சுது. மதியம் முதலுதவி மட்டும் குரூப்ல வரல, அதுக்குப் பயிற்சி எடுத்தவங்கதான் வேணும், யாரு வேணா இருக்க முடியாதே, அதனால மாலைக்கு இருந்தவங்களையே தனியா கேட்டு அவங்க மதியமும் சேத்து இருக்கேன்னாங்க. அந்த 13ல அதுவும் ஒண்ணு. மீதி 7.

இங்க எடுத்த முடிவு ஒண்ணு எனக்கு முக்கியமா படுது. புத்தகம் பிரிக்கிற மாலை ஷிப்ட்டுக்கு ரெண்டு இடம் யாருமே எடுக்கல. ஆளைத் துரத்தறதுக்குப் பதிலா புத்தகம் வாங்கறதை 2 மணியோட நிறுத்திக்கலாம்னு முடிவு பண்ணி, அறிவிப்புலயும் போட்டுட்டு, அந்த ரெண்டு வரியை ஷீட்ல இருந்து எடுத்துட்டோம். மொத்தம் 58 ஆச்சு. செய்யப் போறதே இல்லாத வேலைக்கு ஆரஞ்சு வரி நின்னுட்டே இருந்தா கொஞ்ச நாள்ல மத்த ஆரஞ்சு வரியையும் யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. மீதி 5ல, மாலை புத்தக மேஜையில இருந்த 3 பேர் அப்படியே இருந்து எடுத்து வைக்க ஒத்துக்கிட்டாங்க. கடைசியா 2 காலி: எடுத்து வைக்கிறதுல ஒண்ணு, குழந்தைகள் மூலை மாலையில ஒண்ணு.

நடுவுல வந்த ஒரு குழப்பம்

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு கோஆர்டினேட்டர் காலை ஷிப்ட்டை மட்டும் பாக்க ஃபில்டர் போட்டு, எடுக்காம விட்டுட்டாங்க. அடுத்து ஷீட்டைத் திறந்தவங்களுக்கும் காலை வரி மட்டும்தான் தெரிஞ்சுது, ஒரு ஆரஞ்சும் இல்ல, எல்லாம் நிறைஞ்சிடுச்சுன்னு குரூப்ல போட்டுட்டாங்க. சுருக்கப் பக்கத்துல காலி எண்ணிக்கை அப்பவும் சரியா இருந்துச்சு, `COUNTIFS` ஃபில்டர்ல மறைஞ்ச வரியையும் சேத்துத்தான் எண்ணும், அதனால அரை மணி நேரத்துல பிடிச்சுட்டோம். அதுக்கப்புறம் `Filter view` மட்டும்தான்னு வச்சோம், அதுல ஒருத்தர் வடிகட்டறது மத்தவங்க பார்வையை மாத்தாது.

நிகழ்ச்சி நாள்

முந்தின நாள் சாயங்காலம் மஞ்சள் வரி மட்டும் எடுத்து ஃபோன் போட்டோம். செக்பாக்ஸ் எப்ப தட்டணும்ங்கிறதுக்கு ஒரு விதி இருந்துச்சு, கேட்டப்ப சரின்னு சொன்னது உறுதி இல்ல, கடைசி வாரத்துல அவங்க வேலையும் நேரமும் சொல்லி மெசேஜ் அனுப்பி அதுக்குப் பதில் வந்தாத்தான் உறுதி. அந்த ஃபோன்லதான் 2 பேர் வர முடியாதுன்னு தெரிஞ்சுது, ரெண்டுமே அமைப்பு வேலை, ராத்திரியே கையிருப்புல இருந்த ஒருத்தரும் ஒரு கோஆர்டினேட்டரும் அதை எடுத்துக்கிட்டாங்க.

காலையில ஷிப்ட் வாரியா ஒரு பக்கம்னு பிரிண்ட் எடுத்து வரவேற்பு மேஜையில வச்சோம், பேருக்குப் பக்கத்துல வந்தாச்சுன்னு டிக் போட வெறும் கட்டம். நம்பரும் அந்தப் பேப்பர்ல இருந்ததால அது ஒரு கோஆர்டினேட்டர் கையைவிட்டுப் போகல. உறுதின்னு இருந்தும் வராதவர் ஒரே ஒருத்தர், வண்டி நிறுத்தம் காலை. 9:05க்கு டிக் இல்லாத கட்டம் தெரிஞ்சுது, கூப்பிட்டோம், எடுக்கல, கையிருப்புல இருந்த ரெண்டாவது ஆள் 9:30க்குள்ள அங்க நின்னாங்க.

குழந்தைகள் மூலை மாலை ஷிப்ட் 2 பேரோட ஓடுச்சு, ஒருத்தர் வெளிய போக வேண்டி வந்தா வரவேற்புல இருந்து ஒருத்தர் போய் நிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருந்தோம், ஒரு தடவை அது தேவையும் பட்டுச்சு. எடுத்து வைக்கிறது 7 பேரோட 6:20க்கு முடிஞ்சுது, திட்டத்தைவிட 20 நிமிஷம் அதிகம்.

அடுத்த தடவை என்ன மாறும்

ஷிப்ட் மாறும் நேரம்தான் பலவீனமா இருந்துச்சு. 11:30க்கு ஒருத்தர் கிளம்பறாங்க, புதுசா வரவங்க 11:30க்குத்தான் வராங்க, வேலையை யாரும் சொல்லிக் குடுக்கல. ஆரம்ப நேரத்தை 11:15ன்னு மாத்தினா தொடர்ந்து ரெண்டு ஷிப்ட் செய்யறவங்க எல்லாரும் மோதல்னு சிவப்பாயிடுவாங்க. அதனால C, D ரெண்டையும் தொடாம, "வர வேண்டிய நேரம்"னு தனியா ஒரு காலம், ஆரம்பத்தைவிட 15 நிமிஷம் முன்னாடி, மெசேஜ்ல போறது அந்த நேரம்தான்.

கையிருப்பு ஆட்களையும் குறிப்பா விடாம, ஷிப்ட்டுக்கு 2 வரின்னு இடங்கள் பக்கத்துலயே போடணும். இந்த தடவை 2 பேரும் காலைக்கு மட்டும்தான் இருந்தாங்க, மாலையில யாராவது வராம போயிருந்தா அனுப்ப ஆளே இல்ல, அது எந்த ஆரஞ்சு வரியிலயும் தெரியல.

எல்லா காலியும் ஒரே அளவு அவசரம் இல்லங்கிறதையும் ஷீட் காட்டணும். முதலுதவி காலியும் புத்தக மேஜையோட நாலாவது இடம் காலியும் ஒரே ஆரஞ்சுலதான் இருந்துச்சு. ஒவ்வொரு வரியிலயும் "கட்டாயம்", "இருந்தா நல்லது"ன்னு ஒரு காலம் வச்சு, கட்டாயம் காலியா இருந்தா மட்டும் அழுத்தமான கலர்னு மாத்தப் போறோம். எது கட்டாயம்ங்கிறதைப் பேர் சேர்க்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே 4 பேரும் உக்காந்து முடிவு பண்ணிடணும், ஆள் கிடைக்காதப்ப முடிவு பண்ண உக்காந்தா கிடைக்காத இடமெல்லாம் "இருந்தா நல்லது" பக்கம் போயிடும்.

நம்பர் போட்ட பேப்பரையும் ஆட்கள் பக்கத்தையும் நிகழ்ச்சி முடிஞ்சதும் என்ன பண்றதுன்னு எங்கயும் எழுதி வைக்கல. பேப்பரை அன்னிக்கே கிழிச்சோம், ஆட்கள் பக்கத்துல இருந்து அடுத்த தடவையும் கூப்பிடலாம்னு சொன்னவங்களை மட்டும் வச்சுக்கிட்டு மத்த நம்பரை அழிச்சோம். அடுத்த தடவை பேர் வாங்கும்போதே அந்தக் கேள்வியையும் கேட்டு, பதிலுக்கு ஆட்கள் பக்கத்துல ஒரு காலம் போட்டுடுவோம்.